தெருச் சீட்டில் சேரலாமா? 1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டின் முழுக் கணக்கு

கேள்வி: "எங்கள் தெருவில் ஒரு அக்கா 1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஆரம்பிக்கிறார். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. கடைசியில் எடுத்தால் பேங்க்கைவிட நல்ல லாபம் என்கிறார்கள். அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? பணம் எந்த இடத்தில் போகும்?"

பதிவு பெற்ற ஒரு சீட்டுக் கம்பெனியில் 11 வருடம் கணக்கு எழுதியிருக்கிறேன். அதற்கு முன்பே, எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த சீட்டுகளைப் பார்த்து வளர்ந்தவன். நீங்கள் சொன்ன அதே தொகையை வைத்துக்கொண்டே முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். கணக்கு புரிந்துவிட்டால் ஆபத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

20 பேர் ஆளுக்கு 5,000 போட்டால் மாதம் 1 லட்சம் சேரும். அந்த மாதம் அதை ஒருவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் ஒரு முறைதான் எடுக்க முடியும். எடுத்த பிறகும் 20 மாதம் முடிகிறவரை கட்டியே ஆக வேண்டும். முதல் மாதம் பெரும்பாலும் ஏலம் இருக்காது. சீட்டைப் பிடிப்பவரே, அதாவது நடத்துபவரே, முழு லட்சத்தையும் எடுத்துக்கொள்வார். பிடிப்பவர் தனி ஆளாக இருந்தாலும் இதைக் கம்பெனிச் சீட்டு என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம்.

ஏல நாளன்று அந்த அக்காவின் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்குப் பெண்ணின் காலேஜ் ஃபீஸ், இன்னொருவருக்குக் கடைக்குச் சரக்கு. ஒருவர் "பத்து" என்பார். 10,000 ரூபாயைத் தள்ளிவிட்டு மீதி 90,000 கொடுத்தால் போதும் என்று அர்த்தம். அடுத்தவர் "பதினஞ்சு" என்பார். இப்படி ஏறிக்கொண்டே போய் "முப்பது" என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். முப்பது சொன்னவர் 70,000 வாங்கிக்கொண்டு போவார். யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குத்தான் பணம்.

அவர் தள்ளிய 30,000 எங்கே போகிறது? அதில் 5,000 அக்காவின் கமிஷன். மீதி 25,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250 வரும். இதைக் கழிவு என்பார்கள், கம்பெனிகளில் டிவிடெண்ட் என்பார்கள். கையில் கொடுக்க மாட்டார்கள், அந்த மாதத் தவணையில் குறைத்துக்கொள்வார்கள். அதனால் அந்த மாதம் எல்லோரும் கட்டுவது 3,750 மட்டும்.

போகப் போகத் தள்ளு குறையும். அவசரக்காரர்கள் முதலிலேயே எடுத்துவிடுவார்கள், மீதி இருப்பவர்களுக்கு அவ்வளவு அவசரம் இருக்காது. இரண்டாம் மாதம் 30,000-ல் ஆரம்பித்த தள்ளு பத்தாம் மாதம் 21,000, பதினைந்தாம் மாதம் 13,000 என்று இறங்கி, கடைசி மாதம் ஏலமே இல்லாமல் கமிஷன் 5,000 மட்டும் போய் 95,000 கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒரு சீட்டின் 20 மாதத்தையும் எழுதிக் கூட்டினால், தவணையில் ஒவ்வொருவருக்கும் குறைந்த கழிவு மொத்தம் 13,100. ஆக, முதலில் எடுத்தவரோ கடைசியில் எடுத்தவரோ, ஆளுக்குக் கட்டியது 86,900 ரூபாய். எல்லோரும் கட்டுவது ஒரே தொகைதான். வாங்குகிற தொகையும் மாதமும்தான் வேறு.

கடைசியில் எடுத்தவரைப் பாருங்கள். 86,900 கட்டி 95,000 வாங்குகிறார். 8,100 ரூபாய் லாபம். பணம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால், வருடக் கணக்கில் இது சுமார் பதினொன்றரை சதவீத வட்டிக்குச் சமம். வங்கி ஆர்.டி.யில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது. அதனால் உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

இரண்டாம் மாதம் எடுத்தவர் அதே 86,900-ஐக் கட்டுகிறார், ஆனால் வாங்கியது 70,000. வித்தியாசம் 16,900. இதை மாத வட்டியாக மாற்றினால் நூற்றுக்கு இரண்டரை ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. வருடத்துக்குச் சுமார் 31 சதவீதம். வீட்டில் நகை இருக்கிற ஒருவர் வங்கியில் நகைக்கடன் வாங்கினால் இதில் பாதி வட்டிகூட ஆகாது. ஆனால் 70,000 வாங்கும்போது "16,900 தானே போகிறது" என்றுதான் மனசு கணக்குப் போடும். தள்ளும்போது வட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. கம்பெனியில் என் மேஜைக்கு முன்னால் நின்று நாற்பதாயிரம் வரை தள்ளத் தயாராக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இதை மாத வட்டியாகச் சொன்னால் பாதிப் பேர் ஒரு மாதம் பொறுத்துக்கொள்வார்கள்.

நடுவில் எடுப்பவர் கதை வேறு மாதிரி. பத்தாம் மாதம் எடுத்தவர் வாங்குவது 79,000. அதுவரை அவர் கட்டியிருப்பது 40,500. ஆக 79,000-ல் பாதிக்கு மேல் அவருடைய சேமிப்பே, மீதி 38,500 மட்டும்தான் கடன். அதற்கு அடுத்த பத்து மாதத்தில் 46,400 கட்டுகிறார். சீட்டை வங்கியோடு ஒப்பிடும்போது இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வங்கியில் சேமிப்பு ஒரு கணக்கு, கடன் இன்னொரு கணக்கு. சீட்டில் ஒரே புத்தகத்தில் பாதி தூரம் வரை நீங்கள் கடன் கொடுப்பவர், எடுத்த மறுநாளிலிருந்து கடன்காரர். என்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தாண்டுவது என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள். பெட்டிக்கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் வீட்டில் தையல் தைப்பவருக்கும் சீட்டு பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். சம்பளச் சான்று கேட்காமல், எதற்கு என்று கேட்காமல், கேட்ட மாதத்தில் மொத்தமாகப் பணம் தருகிற ஏற்பாடு அவர்களுக்கு வேறு இல்லை.

சரி, லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். முன்னால் எடுத்தவர்கள் தள்ளிய பணம்தான் அது, வேறு எங்கிருந்தும் வரவில்லை. இந்தச் சீட்டில் ஏலத்தில் தள்ளிய மொத்தத் தொகை 3,57,000. அதில் அக்காவுக்குக் கமிஷனாக 95,000 போனது. மீதி 2,62,000 கழிவாக 20 பேருக்கும் பிரிந்தது. உள்ளே வந்த பணம் உள்ளேயே கை மாறுகிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு ரூபாய்கூட வருவதில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. எல்லோருமே உங்களைப்போலக் கடைசியில் எடுக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டால் யாரும் தள்ள மாட்டார்கள். உங்கள் சீட்டில் தள்ளு சராசரியாக மாதம் 10,300 ரூபாய்க்குக் கீழே போனால், கடைசியில் எடுப்பவருக்கும் கட்டினது முழுசாக வராது. கமிஷன் தின்றுவிடும். அரசு ஊழியர்களும் பென்ஷன்காரர்களும் மட்டுமே சேர்ந்த சீட்டுகளில் இது நடக்கும். பணம் பத்திரமாக இருக்கும், லாபம் இருக்காது.

தள்ளு முப்பது, முப்பத்தைந்து என்று போகிற சீட்டில் லாபம் நன்றாக இருக்கும். ஆனால் மாதம் நூற்றுக்கு இரண்டரை வட்டிக்குச் சம்மதித்து எடுத்துப் போகிறவர் எப்படிப்பட்ட நெருக்கடியில் இருப்பார்? அவர்தான் அடுத்த 18 மாதம் தவறாமல் கட்ட வேண்டும். உங்கள் லாபமும் உங்கள் ஆபத்தும் அதே ஆளிடமிருந்துதான் வருகின்றன. நல்ல லாபம் தருகிற சீட்டு, பலவீனமான கைகளில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற சீட்டு. சேருவதற்கு முன் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

அப்படிப்பட்ட ஒருவர் கட்டாமல் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். இரண்டாம் மாதம் 70,000 எடுத்தவர் ஏழாம் மாதம் வரை கட்டிவிட்டு எட்டாம் மாதத்திலிருந்து நின்றுவிட்டார். அவர் இன்னும் கட்ட வேண்டியது 58,750. எட்டாம் மாதம் ஏலம் எடுத்தவருக்கு முழுப் பணம் போக வேண்டும் என்றால் அந்த 4,050 ரூபாயை அக்கா தன் கையிலிருந்து போட வேண்டும். அவருக்குக் கமிஷன் 5,000 வருகிறது. ஆக ஒரு ஆள் நின்றால் அவரால் சமாளிக்க முடியும். 950 ரூபாய்தான் மிஞ்சும், ஆனால் சீட்டு ஓடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு பேர் நின்றால்? மாதம் 8,100 போட வேண்டும், வருவது 5,000. அன்றைக்கு 3,100 குறைகிறது. கழிவு குறையக் குறையத் தவணை ஏறும், இந்தப் பற்றாக்குறைப் பள்ளமும் பெரிதாகும். எட்டாம் மாதத்திலிருந்து கடைசி வரை கூட்டினால், கமிஷன் முழுவதையும் உள்ளே போட்டும் 52,500 ரூபாய் பற்றாமல் போகும். 20 பேரில் இரண்டே பேர். ஒரு தெருச் சீட்டு தாங்கக்கூடிய எல்லை அவ்வளவுதான். இதில் முதல் மாதம் அக்காவே எடுத்த 1 லட்சத்தை மறந்துவிடாதீர்கள். அந்தப் பணத்தில் அவர் வீட்டு வேலையையோ மகன் கல்யாணத்தையோ பார்த்திருந்தால், சீட்டிலேயே பெரிய கடன்காரர் அவர்தான்.

இந்த இடத்தில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இன்னொரு சீட்டு ஆரம்பிப்பார்கள். அதன் முதல் மாத லட்சம் பழைய சீட்டின் பள்ளத்தை அடைக்கும். அவர்களுக்கு ஏமாற்றும் எண்ணம்கூட இருக்காது, "அந்த ரெண்டு பேரும் கட்டிட்டா சரியாயிடும்" என்றுதான் உண்மையாகவே நம்புவார்கள். ஆனால் இரண்டாவது சீட்டில் முதல் நாளிலேயே 1 லட்சம் பள்ளம் வந்துவிட்டது. அதை அடைக்க மூன்றாவது, அது 2 லட்சச் சீட்டாக இருக்கும்.

என் அம்மா கட்டிய ஒரு 50,000 ரூபாய்ச் சீட்டு இப்படித்தான் போனது. அம்மா கடைசிக்கு முந்தின மாதம் எடுக்கலாம் என்று வைத்திருந்தார். அதை வைத்துத்தான் என் தங்கைக்கு வளையல் என்று முடிவு செய்திருந்தார். பதிமூன்றாம் மாதம் ஏலம் எடுத்தவருக்குப் பணம் வரவில்லை என்று பேச்சு வந்தது. பிடித்தவர் ஊரைவிட்டு ஓடவில்லை. அதே வீட்டில்தான் இருந்தார். காலையில் வாசலில் போய் நின்றால் உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பார், அழுவார், 500 ரூபாயை எடுத்து நீட்டுவார். அம்மா அதை வாங்கிக்கொண்டு வந்து, தீப்பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைப்பார். அப்படி ஏழு தடவை வந்தது. அதற்கப்புறம் அம்மா போவதை நிறுத்திவிட்டார். எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம், பிடித்தவர் கையெழுத்துகூட இல்லாத ஒரு சின்ன டைரி.

அந்தப் பணம் ஆவியாகிப் போகவில்லை என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது. உங்கள் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் மாத ஏலம் முடிந்ததும் சீட்டு நின்றுவிட்டது என்று வைப்போம். எடுக்காதவர்கள் 8 பேர். ஆளுக்கு 49,100 கட்டியிருப்பார்கள், மொத்தம் 3,92,800. எடுத்தவர்கள் 12 பேர், அக்காவையும் சேர்த்து. அவர்களில் ஒவ்வொருவரும் இன்னும் 40,000 வரை கட்ட வேண்டியவர்கள். அதாவது எட்டுப் பேரின் பணம் பன்னிரண்டு பேரின் கையில் இருக்கிறது, எல்லோரும் அதே தெருவில் இருக்கிறார்கள். ஆனால் அந்த எட்டுப் பேரிடம் இந்தப் பன்னிரண்டு பேர் எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்றும் இல்லை. போய்க் கேட்டால் "நாங்க அவங்ககிட்டதானே கட்டணும், அவங்களே சீட்டை நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிடுவார்கள். எடுத்தவருக்குச் சீட்டு உடைவதில் நஷ்டமில்லை, சொல்லப்போனால் லாபம். நஷ்டம் முழுவதும் எடுக்காதவர் தலையில்தான். கடைசி வரை காத்திருப்பவருக்கு ஆபத்து மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது, ஏனென்றால் உள்ளே கிடக்கும் பணம் கூடிக்கொண்டே போகிறது.

பதிவு பெற்ற சீட்டு இந்த இடத்தில்தான் வித்தியாசப்படுகிறது. 1982-ல் வந்த மத்திய சீட்டு நிதிச் சட்டம் தமிழ்நாட்டில் 1984 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒரு கம்பெனிக்கு மொத்தமாக லைசென்ஸ் வாங்கிவிட்டு எத்தனை சீட்டு வேண்டுமானாலும் நடத்த முடியாது. ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும், ஒப்பந்தத்தைச் சீட்டுப் பதிவாளரிடம் பதிய வேண்டும், தொடக்கச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் ஏலம். நம் ஊரில் இந்த வேலையைப் பார்ப்பது பதிவுத்துறை, வீடு நிலம் பதிகிற அதே துறை. சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தைப் பதிவாளர் பெயரில் வங்கியில் டெபாசிட் கட்டி வைக்க வேண்டும். கமிஷன் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இருந்தது, 2019-ல் செய்த திருத்தத்தில் 7 ஆக்கினார்கள். தள்ளுக்கும் உச்ச வரம்பு உண்டு. இரண்டு மூன்று பேர் அந்த வரம்பையே கேட்டால் குலுக்கிப்போட்டு எடுப்பார்கள்.

டெபாசிட் இருக்கிறதே என்று மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 1 லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு டெபாசிட் 1 லட்சம். மேலே பார்த்த கணக்கில் பன்னிரண்டாம் மாதம் எட்டுப் பேரின் பணம் கிட்டத்தட்ட 4 லட்சம் வெளியே இருந்தது. ஒரு மாதத் தொகையைத்தான் டெபாசிட் காப்பாற்றும். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிற காப்பீடும் சீட்டுக்குக் கிடையாது.

உண்மையான பாதுகாப்பு ஜாமீனில் இருக்கிறது. ஏலம் எடுத்தவர் மீதித் தவணைகளுக்கு ஈடு கொடுத்த பிறகுதான் கம்பெனி பணம் கொடுக்கும். சம்பளக்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்து, அல்லது சொத்துப் பத்திரம், நகை. ஈடு வரும் வரை அந்தப் பணத்தைத் தனியாக வங்கியில் போட்டு வைக்க வேண்டும், வேறு செலவுக்குத் தொடக்கூடாது. "ஏலம் எடுத்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் பணம் தரவில்லை" என்று கம்பெனியில் சத்தம் போடுபவர்களில் பாதிப் பேர் ஜாமீன் ஆள் கிடைக்காமல் அலைபவர்கள்தான். அந்த அலைச்சல் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு ஏலம் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிற உங்கள் பணத்தைக் காப்பது அதுதான். ஜாமீன் கேட்காமல் மறுநாளே பணம் கொடுக்கிறோம் என்று ஒரு கம்பெனி பெருமையாகச் சொன்னால், கடைசியில் எடுக்க நினைப்பவர் அங்கே சேரக் கூடாது என்றே நான் சொல்வேன். தகராறு வந்தாலும் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை, பதிவாளரிடமே வழக்குப் போடலாம். அவர் உத்தரவை வைத்துச் சொத்தை ஜப்தி செய்யலாம். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் வழி என்று ஒன்று இருக்கிறது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மேற்கு வங்கத்தில் 2013-ல் சாரதா குழுமம் கவிழ்ந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் "சிட் ஃபண்ட் மோசடி" என்று எழுதின. அங்கே ஏலமும் இல்லை, தள்ளும் இல்லை. ஊர் முழுக்கப் பணம் வசூலித்து, பெரிய லாபம் தருவதாகச் சொன்ன திட்டம் அது. அதேபோல நம் ஊரில் தீபாவளிச் சீட்டு என்பதும் பெயரில் மட்டும்தான் சீட்டு. மாதாமாதம் கட்டி, தீபாவளிக்கு மளிகையும் பட்டாசும் வெள்ளிக் காசும் வாங்குவது வெறும் முன்பணம். நடுவில் தேவை என்றால் எடுக்க முடியாது. ஏலச்சீட்டில் இருக்கிற ஆபத்து மட்டும் அதில் இருக்கிறது, வசதி இல்லை. ஒரு சீட்டுக் கம்பெனியே "சீட்டுப் பணத்தை எங்களிடமே டெபாசிட்டாக வையுங்கள், மாதம் இவ்வளவு வட்டி" என்று கேட்டாலும் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க சீட்டுக் கம்பெனிக்கு அனுமதி கிடையாது. எங்கேயோ பள்ளம் விழுந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இப்போது உங்கள் தெரு அக்காவுக்கு வருவோம். பதியாமல் சீட்டு நடத்துவது சட்டப்படி குற்றம், எத்தனை நல்லவர் நடத்தினாலும். பதிவாளரிடம் வழக்குப் போடும் வழி உங்களுக்கு இருக்காது, போலீசுக்கோ கோர்ட்டுக்கோதான் போக வேண்டும். அதனால் 1 லட்சம் என்கிற தொகைக்கு என் பதில், பதிவு பெற்ற இடத்துக்குப் போங்கள் என்பதுதான். அங்கே லாபம் கொஞ்சம் குறைவாக இருக்கும், கமிஷனுக்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு பிடிப்பார்கள். பரவாயில்லை. சேரும் முன் அந்தக் குரூப்பின் தொடக்கச் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். கம்பெனியின் எண் வேண்டாம், நீங்கள் சேரும் குரூப்பின் எண். அதைப் பதிவு அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்துச் சங்கடம், மறுக்க முடியவில்லை, அக்காவையும் பல வருடமாகத் தெரியும் என்றால், மூன்று விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். 20 பேரின் பெயரும் போன் நம்பரும் ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் வேண்டும். அந்த 20-ல் அக்கா குடும்பத்தின் பெயரில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆள் கிடைக்காமல் அவரே மூன்று நான்கு பெயரைப் போட்டிருந்தால், ஏலத்தை அவரே எடுத்துக்கொண்டு போவார். இரண்டாவது, எடுக்கிற ஒவ்வொருவரும் மீதித் தொகைக்குப் புரோநோட்டும் ஜாமீன் கையெழுத்தும் கொடுக்க வேண்டும், முதல் மாதம் எடுக்கிற அக்கா உட்பட. அது எங்கே இருக்கிறது என்று உறுப்பினர்களில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, பணத்தைக் கையில் கொடுக்காமல் போனிலேயே அனுப்புங்கள். அனுப்பும்போது "சீட்டு, 7ஆம் மாதம்" என்று குறிப்பு எழுதுங்கள். என் அம்மாவிடம் இல்லாமல் போன ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

சேர்ந்த பிறகு ஏலத்துக்கு நேரில் போங்கள். போகாதவர்கள் அதிகமான சீட்டில்தான் யார் எடுத்தார்கள், எவ்வளவு தள்ளினார்கள் என்பது ஒருவர் வாய்வார்த்தையாகிவிடும். ஏலம் முடிந்து ஒரு வாரம் கழித்து, எடுத்தவரிடம் போன் செய்து "பணம் முழுசா வந்துடுச்சா?" என்று கேளுங்கள். "பாதி கொடுத்தாங்க, மீதி அடுத்த வாரம்" என்று பதில் வந்தால் பள்ளம் விழுந்துவிட்டது. உங்கள் சீட்டு முடிவதற்குள் அக்கா இன்னொரு பெரிய சீட்டுக்கு ஆள் சேர்த்தாலும் அதே அர்த்தம்தான். அப்படித் தெரிந்தால் கடைசி மாத லாபத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த ஏலத்திலேயே தள்ளி எடுத்துவிடுங்கள். பத்தாம் மாதம் 21,000 தள்ளி எடுத்தாலும் கைக்கு 79,000 வருகிறது, அன்றைக்கு நீங்கள் கட்டியிருப்பது 40,500. எடுத்த பிறகு மீதிப் பத்து மாதத்தையும் ஒரு நாள் தவறாமல் கட்டிவிடுங்கள். இன்னும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேரும் உங்கள் தவணையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.